ஒரே வண்டி, மூன்று மதிப்பு

திருப்பூரில் பின்னலாடை செய்யும் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனம். 2025 ஏப்ரல் 1 அன்று தொழில் தொடங்கியது. வாங்கிய சொத்துகள் எல்லாம் அன்றே பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. முதல் ஆண்டு முடிவில் தேய்மானத்தைக் கழிப்பதற்கு முன் லாபம் 20 லட்ச ரூபாய். நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால் வரிக்கு முந்தைய லாபம் 14,88,583 ரூபாய். குறைந்துசெல் மதிப்பு முறையில் போட்டால் 6,32,040. இரண்டுக்கும் நடுவே எட்டரை லட்சத்துக்கு மேல் இடைவெளி. வருமான வரித் துறையோ இந்த இரண்டு தொகைகளையும் ஏற்காமல், 9,50,000 ரூபாய்க்குத்தான் வரி கேட்கிறது.

நிறுவனம் கற்பனை. சட்டங்களும் விகிதங்களும் நிஜம். அந்த மூன்று தொகைகளும் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு முறைகளில் எது நல்லது என்று வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நிறுவனத்தின் சொத்துப் பட்டியல் சிறியது. 40 லட்சத்தில் தொழிற்சாலைக் கட்டடம், 24 லட்சத்தில் நிட்டிங் மெஷின்கள், 10 லட்சத்தில் சரக்கு வேன், 3 லட்சத்தில் கம்ப்யூட்டர்கள், 2 லட்சத்தில் மேசை நாற்காலிகள். மொத்தம் 79 லட்சம். கட்டடம் நிற்கும் நிலத்தின் விலை இந்தப் பட்டியலில் சேராது. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. பத்திரத்தில் நிலமும் கட்டடமும் ஒரே தொகையாக இருந்தால் அதை முதலில் பிரிக்க வேண்டும். இந்த இடத்தில் தவறும் அட்டவணை கடைசிவரை தவறாகவே ஓடும்.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் இரண்டாம் அட்டவணையில் ஒவ்வொரு வகைச் சொத்துக்கும் ஆயுட்காலம் சொல்கிறது. தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 30 ஆண்டு, பொதுவான இயந்திரங்களுக்கு 15, அறைகலன்களுக்கு 10, வாடகைக்கு விடாத வண்டிகளுக்கு 8, மேசையில் வைத்துப் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்கு 3. ஆயுள் முடியும்போது மிஞ்சும் இறுதி மதிப்பு பொதுவாக அடக்கவிலையில் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சட்டம் சொல்வது இவ்வளவுதான். எந்த முறையில் தேய்மானம் போட வேண்டும் என்பதை அது நிறுவனத்திடமே விட்டுவிடுகிறது.

நேர்கோட்டு முறையில் கணக்கு எளிது. அடக்கவிலையிலிருந்து இறுதி மதிப்பைக் கழித்து ஆயுளால் வகுத்தால் போதும். 10 லட்ச ரூபாய் வேனுக்கு இறுதி மதிப்பு 50,000. மிச்சமுள்ள 9,50,000 ரூபாயை எட்டால் வகுத்தால் ஆண்டுக்கு 1,18,750 ரூபாய். எட்டு ஆண்டும் அதே தொகை.

குறைந்துசெல் மதிப்பு முறையில் ஒரு நிலையான சதவீதத்தை ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் இருக்கும் ஏட்டு மதிப்பின்மேல் போடுகிறார்கள். மதிப்பு குறையக் குறையத் தேய்மானமும் குறையும். அந்தச் சதவீதத்தைச் சட்டம் தருவதில்லை. கணக்காளர்தான் கண்டுபிடிக்க வேண்டும். எட்டு முறை தொடர்ந்து கழித்த பிறகு 10 லட்சம் சரியாக 50,000 ஆக நிற்க வேண்டும் என்பதே நிபந்தனை. இறுதி மதிப்பை அடக்கவிலையால் வகுத்து, அதன் எட்டாம் படி மூலத்தை ஒன்றிலிருந்து கழித்தால் 31.23 சதவீதம் வருகிறது.

| ஆண்டு | நேர்கோட்டுத் தேய்மானம் | ஆண்டு முடிவு மதிப்பு | குறைந்துசெல் தேய்மானம் | ஆண்டு முடிவு மதிப்பு |
|---|---|---|---|---|
| 1 | 1,18,750 | 8,81,250 | 3,12,300 | 6,87,700 |
| 2 | 1,18,750 | 7,62,500 | 2,14,769 | 4,72,931 |
| 3 | 1,18,750 | 6,43,750 | 1,47,696 | 3,25,235 |
| 4 | 1,18,750 | 5,25,000 | 1,01,571 | 2,23,664 |
| 5 | 1,18,750 | 4,06,250 | 69,850 | 1,53,814 |
| 6 | 1,18,750 | 2,87,500 | 48,036 | 1,05,778 |
| 7 | 1,18,750 | 1,68,750 | 33,034 | 72,744 |
| 8 | 1,18,750 | 50,000 | 22,744 | 50,000 |

எட்டாம் ஆண்டில் விகிதப்படி வருவது 22,718 ரூபாய்தான். சதவீதத்தை இரண்டு தசமத்தோடு நிறுத்தியதால் 26 ரூபாய் மிஞ்சியது; அதைக் கடைசி ஆண்டில் சேர்த்துக் கணக்கை முடிக்கிறார்கள். மொத்தத் தேய்மானம் இரு முறையிலும் 9,50,000 ரூபாய். முதல் மூன்று ஆண்டுகளில் குறைந்துசெல் முறை முந்துகிறது, நான்காம் ஆண்டிலிருந்து நேர்கோட்டு முறையைவிடக் குறைவாக எடுக்கிறது. முதலில் எடுத்ததைப் பின்னால் விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இப்படி ஆயுளிலிருந்து விகிதத்தைப் பிடிப்பது 2013க்குப் பிறகு வந்த புதுமை அல்ல. 1956ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் பதினான்காம் அட்டவணை இருந்தது. அது ஆயுளைச் சொல்லாமல் இரண்டு விகிதங்களையும் பக்கம் பக்கமாக அச்சிட்டிருந்தது. பொது இயந்திரத்துக்கு 4.75 சதவீதமும் 13.91 சதவீதமும், அந்தக் காலத்துக் கணக்காளர்களுக்கு இவை மனப்பாடம். 95ஐ 4.75ஆல் வகுத்தால் 20 ஆண்டு. 13.91 சதவீதத்தை 20 ஆண்டு தொடர்ந்து கழித்தால் மிஞ்சுவது அதே 5 சதவீதம். தொடர்பில்லாதவை போலத் தெரிந்த இரண்டு எண்களும் ஒரே ஆயுளின் இரு வடிவங்கள். காருக்கு அன்று இருந்த 25.89 சதவீதம் இன்று அறைகலனுக்கு உரிய விகிதமாக வருவதும் இதனால்தான். அன்றைய காருக்கும் இன்றைய அறைகலனுக்கும் ஆயுள் பத்து ஆண்டு.

இனி முழுப் பட்டியலையும் இப்படியே போட்டுப் பார்க்கலாம். முதல் ஆண்டு நேர்கோட்டுத் தேய்மானம் கட்டடத்துக்கு 1,26,667, இயந்திரத்துக்கு 1,52,000, வேனுக்கு 1,18,750, கம்ப்யூட்டருக்கு 95,000, அறைகலனுக்கு 19,000. ஆக 5,11,417 ரூபாய். குறைந்துசெல் முறையில் கட்டடத்துக்கு 9.50 சதவீதப்படி 3,80,000, இயந்திரத்துக்கு 18.10 சதவீதப்படி 4,34,400, வேனுக்கு 3,12,300, கம்ப்யூட்டருக்கு 63.16 சதவீதப்படி 1,89,480, அறைகலனுக்கு 25.89 சதவீதப்படி 51,780. ஆக 13,67,960 ரூபாய். 20 லட்சத்திலிருந்து இவற்றைத் தனித்தனியே கழித்தால் தொடக்கத்தில் சொன்ன முதல் இரண்டு லாபத் தொகைகள் வந்துவிடும்.

இந்தத் தொகைகளில் கவனிக்க வேண்டியது கட்டடம். கம்ப்யூட்டரில் குறைந்துசெல் முறை நேர்கோட்டு முறையைப்போல் சுமார் இரு மடங்கு கழிக்கிறது. கட்டடத்தில் அது மூன்று மடங்கு. ஆயுள் நீள நீள இந்த விகிதம் பெருகும். 30 ஆண்டு நிற்கப் போகும் ஒரு கூரைக்கு முதல் ஆண்டிலேயே 3,80,000 ரூபாய் தேய்மானம் போடுவதற்கு, சூத்திரத்தைத் தவிர வேறு நியாயம் சொல்வது கடினம். கட்டடம் முதல் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு பயனைத்தான் தருகிறது. வேனின் கதை வேறு. ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் விலை சரிகிறது. நாலைந்து ஆண்டில் கிளட்ச், சஸ்பென்ஷன், டயர் என்று ஒர்க்‌ஷாப் பில் ஏறத் தொடங்குகிறது. முன்னால் கூடுதல் தேய்மானம், பின்னால் கூடுதல் பழுதுச் செலவு என்று அமைந்தால் வண்டிக்கான மொத்தச் செலவு ஆண்டுதோறும் ஓரளவு சமமாக விழும். குறைந்துசெல் முறைக்குச் சொல்லப்படும் வாதங்களில் உருப்படியானது இதுதான்.

கணக்கியல் தரம் 10 சொல்வதும் இதை ஒட்டியதே. சொத்தின் பயன் எந்தப் போக்கில் தீர்கிறதோ அந்தப் போக்கைக் காட்டும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு நிறுவனம் கட்டடத்துக்கு ஒரு முறையும் வண்டிக்கு வேறு முறையும் வைத்துக்கொள்ளத் தடையில்லை. நடைமுறையில் மென்பொருளில் ஒரே பொத்தானைத் தட்டி எல்லாச் சொத்துக்கும் ஒரே முறையைப் போட்டுவிடுகிறவர்களே அதிகம்.

இயந்திரத்தின் பயன் எந்தப் போக்கில் தீர்கிறது என்பது திருப்பூரில் சுவாரசியமான கேள்வி. ஆர்டர் வந்துவிட்டால் இரவு ஷிப்டும் ஓடும், வராவிட்டால் மெஷின் சும்மா நிற்கும். இரண்டாம் அட்டவணை இதற்கும் வழி வைத்திருக்கிறது. இயந்திரம் இரட்டை ஷிப்டு ஓடிய காலத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம் கூடும். மூன்று ஷிப்டு ஓடிய காலத்துக்கு 100 சதவீதம் கூடும். நிட்டிங் மெஷின்கள் ஆண்டு முழுவதும் இரண்டு ஷிப்டு ஓடியிருந்தால் நேர்கோட்டுத் தேய்மானம் 1,52,000 ரூபாயிலிருந்து 2,28,000 ஆகிவிடும். அதாவது நேர்கோடு உண்மையில் நேராக இருப்பதில்லை. இந்தக் கணக்குக்கு ஆதாரம் தொழிற்சாலையின் ஷிப்டுப் பதிவேடு. தணிக்கையில் அந்தப் பதிவேட்டையும் மின் கட்டணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, இரவு ஷிப்டை மறந்த அட்டவணை மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது தொகை எங்கிருந்து வந்தது? 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் கம்பெனிச் சட்டத்தின் ஆயுட்காலத்தைக் கண்டுகொள்வதே இல்லை. மின்னுற்பத்தி நிறுவனங்களுக்குத் தரும் விருப்ப உரிமையைத் தவிர்த்தால், மற்ற எல்லாருக்கும் அது குறைந்துசெல் முறையைத்தான் கட்டாயமாக்குகிறது. விகிதங்களும் அதன் சொந்த விகிதங்கள்: தொழிற்சாலைக் கட்டடத்துக்கும் அறைகலனுக்கும் 10, இயந்திரத்துக்கும் சாதாரண வண்டிக்கும் 15, கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம். நம் பட்டியலுக்கு 4,00,000, 3,60,000, 1,50,000, 1,20,000, 20,000 என்று கூட்டினால் 10,50,000 ரூபாய். வரிக்குரிய வருமானம் 9,50,000. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பழையதன் இடத்துக்கு வந்தபோதும், குறைந்துசெல் மதிப்பில் தேய்மானம் என்ற அடிப்படை அதில் தொடர்கிறது.

ஆக, இந்த நிறுவனம் ஏட்டில் எந்த முறையை வைத்தாலும் கட்ட வேண்டிய வரி ஒரு ரூபாய்கூட மாறாது. ‘டபிள்யூ.டி.வி. போட்டால் வரி குறையும்’ என்று தொழில் வட்டாரத்தில் உலவும் பேச்சு இங்கே பொருந்தாது. ஏட்டு லாபத்தில் தொடங்கி, ஏட்டுத் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, வரிச் சட்டத் தேய்மானத்தைக் கழித்துத்தான் வருமானம் கணக்கிடப்படுகிறது.

வரியின் குறைந்துசெல் முறை எல்லாச் சொத்துக்கும் வேகமானது என்று நினைப்பதும் தவறு. அதே வேனை 15 சதவீதத்தில் ஓட்டிப் பார்த்தால் ஆண்டு முடிவுகளில் 8,50,000, 7,22,500, 6,14,125, 5,22,006, 4,43,705 என்று இறங்குகிறது. நான்காம் ஆண்டு முடிவில் நேர்கோட்டு ஏட்டில் 5,25,000. வரிக் கணக்கில் 5,22,006. ஏறக்குறைய ஒரே புள்ளி. ஐந்தாம் ஆண்டு முடிவில் ஏடு 4,06,250க்கு வந்துவிட, வரிக் கணக்கு 4,43,705இல் பின்தங்குகிறது. எட்டாம் ஆண்டு முடிவில் ஏட்டில் 50,000தான் பாக்கி. வரிக் கணக்கில் 2,72,490 ரூபாய் இன்னும் நிற்கிறது. அறைகலனில் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. இரண்டு ஆண்டு முடிவில் இரு கணக்கிலும் கழிந்தது மிகச் சரியாக 19 சதவீதம். அதற்குப் பிறகு வரிக் கணக்கு பின்னால் போய்விடுகிறது. பத்து ஆண்டு கழித்து நாற்காலி உடைந்து பரணில் கிடந்தாலும் வரிக் கணக்கில் அதன் விலையில் 34.87 சதவீதம் பாக்கியிருக்கும்.

காரணம் எளிது. கம்பெனிச் சட்டத்தில் விகிதம் ஆயுளிலிருந்து பிறந்தது. வரிச் சட்டத்தின் விகிதம் அரசின் கொள்கையிலிருந்து பிறந்தது. அதற்கு முடிவுப் புள்ளியும் கிடையாது, இறுதி மதிப்பும் கிடையாது. எத்தனை ஆண்டு ஓடினாலும் பூஜ்யத்தைத் தொடாது. அமெரிக்க வரிச் சட்டம் இந்த நீண்ட வாலை வேறு விதமாக வெட்டுகிறது. 1986 முதல் அங்கே நடப்பில் இருக்கும் முறையில், கார், கம்ப்யூட்டர் போன்ற ஐந்தாண்டு வகைச் சொத்துக்கு 20, 32, 19.2, 11.52, 11.52, 5.76 சதவீதம் என்று ஆறு நிதியாண்டுகளில் முழு விலையும் கழிந்துவிடும். தொடக்கத்தில் இரட்டை விகிதக் குறைந்துசெல் முறை. எந்த ஆண்டில் நேர்கோடு அதிகம் தருமோ அந்த ஆண்டில் நேர்கோட்டுக்குத் தாவிவிடும். முதல் ஆண்டில் பாதி ஆண்டுதான் பயன்பட்டது என்று எடுத்துக்கொள்வதால் அந்தப் பாதி ஆறாம் ஆண்டுக்குப் போகிறது. இரண்டு முறைகளையும் எதிரெதிரே நிறுத்தாமல் ஒன்றின் முடிவில் மற்றதை ஒட்டவைத்த ஏற்பாடு இது.

ஏட்டுக்கும் வரிக்கும் இடையிலான இந்த வித்தியாசத்தைக் கணக்கியல் தரம் 22 சும்மா விடுவதில்லை. நேர்கோட்டு முறையில் நம் நிறுவனம் ஏட்டில் 5,11,417 கழித்தது, வரியில் 10,50,000 கழித்தது. கூடுதலாகக் கழித்த 5,38,583 ரூபாய் எதிர்காலத்தில் திரும்பிவரும். 22 சதவீத விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் சேர்த்து வரி 25.168 சதவீதம். அந்த விகிதத்தில் 1,35,551 ரூபாயை ஒத்திவைக்கப்பட்ட வரிப் பொறுப்பாகக் காட்ட வேண்டும். குறைந்துசெல் முறையில் நிலைமை தலைகீழ்: ஏடு 3,17,960 ரூபாய் கூடுதலாகக் கழித்துவிட்டது, 80,024 ரூபாய் ஒத்திவைக்கப்பட்ட வரிச் சொத்து. பிற்காலத்தில் அதைப் பயன்படுத்தும் அளவுக்கு லாபம் வரும் என்று நியாயமான உறுதி இருந்தால்தான் அதை ஏட்டில் ஏற்றலாம். இன்று கட்டும் வரி இரண்டிலும் 2,39,096 ரூபாய். நிகர லாபம் ஒன்றில் 11,13,936, மற்றதில் 4,72,968.

பணப்பெட்டியில் இருக்கும் தொகை ஒன்றே. கடன் கேட்டுப் போகும்போது வங்கியும் நிகர லாபத்தோடு தேய்மானத்தைக் கூட்டித்தான் திருப்பிச் செலுத்தும் வலிமையைப் பார்க்கும். ஆனால் சொந்த நிதிக்கும் கடனுக்கும் உள்ள விகிதம் மாறிவிடும். முதல் ஆண்டிலேயே ஆறு லட்சத்துக்கு மேல் சொந்த நிதி குறைவாகத் தெரிகிற நிறுவனம், புதிதாகத் தொடங்கியது என்றால், அதை விளக்கிச் சொல்ல வேண்டிவரும். புதிய நிறுவனங்கள் நேர்கோட்டை விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

வண்டியை விற்கும்போது இன்னொரு வேடிக்கை. மூன்று ஆண்டு ஓட்டிய வேன் 5,50,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நேர்கோட்டு ஏட்டில் மதிப்பு 6,43,750. எனவே 93,750 ரூபாய் நஷ்டம். குறைந்துசெல் ஏட்டில் மதிப்பு 3,25,235. எனவே 2,24,765 ரூபாய் லாபம். ஒரே வேன், ஒரே விலை. மூன்று ஆண்டுத் தேய்மானத்தையும் சேர்த்தால் குழப்பம் தீரும். முதல் ஏட்டில் 3,56,250 ரூபாய்த் தேய்மானத்தோடு நஷ்டம் 93,750. இரண்டாவதில் 6,74,765 ரூபாய்த் தேய்மானத்தில் லாபம் 2,24,765 போக மிச்சம். இரண்டும் 4,50,000 ரூபாய். சொத்துகளை விற்கும்போதெல்லாம் லாபம் வந்துகொண்டே இருந்தால் அது சாமர்த்தியத்தின் அடையாளம் அல்ல. தேய்மானம் தேவைக்கு மேல் போடப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு விற்பனையிலும் நஷ்டம் வந்தால் அதற்கு நேர்மாறு.

வருமான வரியில் இந்த லாபமும் கிடையாது, நஷ்டமும் கிடையாது. 1988-89 மதிப்பீட்டு ஆண்டு முதல் அங்கே தனிச் சொத்து என்ற பேச்சே இல்லை. ஒரே விகிதமுள்ள ஒரே வகைச் சொத்துகள் எல்லாம் ஒரு தொகுதி. ஆடிட்டர் அலுவலகங்களில் ‘பிளாக்’ என்பார்கள். நிட்டிங் மெஷினும் வேனும் 15 சதவீத பிளாக்கில் ஒன்றாகக் கிடக்கின்றன. 34 லட்சம் மூன்று ஆண்டில் 20,88,025 ஆகியிருக்கும். நான்காம் ஆண்டில் வேனை விற்ற 5,50,000 ரூபாயை அதிலிருந்து கழித்து, மிச்சமான 15,38,025க்கு 15 சதவீதம், அதாவது 2,30,704 ரூபாய், அந்த ஆண்டின் தேய்மானம். வேன் போய்விட்டது, அதன் கழியாத மிச்சம் மெஷினோடு சேர்ந்து தேய்ந்துகொண்டிருக்கும். பிளாக்கில் வேன் மட்டுமே இருந்திருந்தால் பிளாக்கே மறைந்து, மிச்சமுள்ள 64,125 ரூபாய் குறுகிய கால மூலதன நஷ்டமாகியிருக்கும்.

அட்டவணை தவறுவது பெரும்பாலும் சில குறிப்பிட்ட இடங்களில்தான். ஆண்டு நடுவில் வாங்கிய சொத்து அவற்றில் ஒன்று. கம்பெனிச் சட்டப்படி பயன்பட்ட நாள்களுக்கு விகிதாசாரமாகத் தேய்மானம். வரிச் சட்டத்திலோ 180 நாளுக்குக் குறைந்தால் பாதி, இல்லாவிட்டால் முழுதும். அதே வேன் 2025 அக்டோபர் 3 அன்று சாலைக்கு வந்திருந்தால் மார்ச் 31 வரை சரியாக 180 நாள். 1,50,000 ரூபாய் கழிக்கலாம். அக்டோபர் 4 என்றால் 179 நாள், 75,000தான். ஏட்டில் அந்த 179 நாளுக்கு நேர்கோட்டுத் தேய்மானம் 58,236 ரூபாய். நாளை எண்ண வேண்டியது பில் தேதியிலிருந்து அல்ல, பயன்பாட்டுக்கு வந்த தேதியிலிருந்து. செப்டம்பரில் பில் போட்டு நவம்பரில் பதிவான வண்டிக்கு முழுத் தேய்மானம் கேட்டால், பதிவுச் சான்றிதழே எதிர்சாட்சி சொல்லும்.

இன்னொன்று, இறுதி மதிப்பை இருமுறை கழிப்பது. நேர்கோட்டில் அதைக் கழித்துப் பழகிய கை குறைந்துசெல் முறையிலும் 9,50,000 ரூபாயின்மேல் 31.23 சதவீதம் போட்டுவிடும். அந்த விகிதத்துக்குள்ளேயே இறுதி மதிப்பு அடங்கியிருக்கிறது. இப்படிச் செய்தால் எட்டாம் ஆண்டு முடிவில் 50,000க்குப் பதிலாக ஏறக்குறைய 97,500 ரூபாய் நிற்கும். கடைசி வரியைப் பார்த்தாலே தவறு தெரிந்துவிடும்.

எக்செலில் போடுகிறவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது.

```
=SLN(1000000,50000,8)
=1-(50000/1000000)^(1/8)
=DB(1000000,50000,8,1)
=DDB(1000000,50000,8,1)
```

முதல் வரி 1,18,750 தரும், இரண்டாவது 31.23 சதவீத விகிதத்தைத் தரும். மூன்றாவது அதே குறைந்துசெல் முறைதான், ஆனால் விகிதத்தை 0.312 என்று மூன்று தசமத்தில் நிறுத்திவிடுவதால் முதல் ஆண்டுக்கு 3,12,000 வரும். கடைசியில் 50,200 ரூபாய் அளவில் மிஞ்சும். வித்தியாசம் சிறிது, சரிசெய்துவிடலாம். நான்காவதுதான் வம்பு. அது அமெரிக்கப் பாடநூல்களின் இரட்டை விகிதம்: இரண்டை எட்டால் வகுத்து 25 சதவீதம். அந்த விகிதம் இறுதி மதிப்பைக் குறிவைப்பதில்லை. எட்டாம் ஆண்டு முடிவில் 1,00,113 ரூபாய் ஏட்டில் தொங்கும். இணையத்தில் இறக்கிய மாதிரி அட்டவணைகள் பலவற்றுக்குள் உட்கார்ந்திருப்பது இந்த நான்காவது வரிதான்.

ஜி.எஸ்.டி.யையும் மறக்கக் கூடாது. இயந்திரத்தின் மேல் கட்டிய வரிக்கு உள்ளீட்டு வரவு எடுத்துக்கொண்டு, அந்த வரித் தொகைக்கும் சேர்த்துத் தேய்மானம் கழிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. இரண்டில் ஒன்றுதான்.

முறையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், லாபத்தை அதிகம் அசைப்பது பல நேரம் ஆயுட்காலம்தான். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் தங்கள் சர்வர்களுக்கு நேர்கோட்டு முறையையே பயன்படுத்துகின்றன. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட் 2023இல் சர்வரின் ஆயுளை நான்கிலிருந்து ஆறு ஆண்டாக நீட்டியது. அமேசான் 2024இல் ஐந்தை ஆறாக்கி, 2025இல் ஒரு பகுதிச் சர்வர்களுக்கு மீண்டும் ஐந்தாகக் குறைத்தது. கோடு நேராகவே இருந்தது. அதன் சரிவு மட்டும் மாறியது. திருப்பூர் நிறுவனத்துக்கும் இந்த உரிமை உண்டு. இரண்டாம் அட்டவணை சொல்லும் ஆயுளிலிருந்து விலகலாம். ஆனால் தொழில்நுட்ப ஆலோசனையின் அடிப்படையில் காரணம் காட்டி, நிதிநிலை அறிக்கையில் அதை வெளிப்படுத்த வேண்டும்.

முறையை நடுவில் மாற்ற நினைத்தால் என்ன ஆகும்? வேனுக்கு மூன்று ஆண்டு குறைந்துசெல் முறையைப் பின்பற்றிவிட்டு நேர்கோட்டுக்கு மாறுவதாக இருக்கட்டும். முன்பு நடப்பில் இருந்த கணக்கியல் தரம் 6, இதைக் கொள்கை மாற்றமாகக் கருதியது. முதல் நாளிலிருந்து புதிய முறையில் கணக்குப் போட்டு, 6,43,750க்கும் 3,25,235க்கும் இடையிலுள்ள 3,18,515 ரூபாயை அந்த ஆண்டின் லாபநட்டக் கணக்கில் வரவு வைக்க வேண்டியிருந்தது. லாபம் மெலிந்த ஆண்டில் இது எவ்வளவு வசதியான கதவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2016 ஏப்ரல் 1 முதல் திருத்தப்பட்ட கணக்கியல் தரம் 10 அதன் இடத்துக்கு வந்தது. அதில் முறை மாற்றம் மதிப்பீட்டு மாற்றம் மட்டுமே. பழையதைத் தொடக் கூடாது. ஏட்டில் நிற்கும் 3,25,235 ரூபாயிலிருந்து இறுதி மதிப்பான 50,000ஐக் கழித்து, மிச்சத்தை மீதமுள்ள ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 55,047 ரூபாய். பழைய முறையில் தொடர்ந்திருந்தால் நான்காம் ஆண்டுத் தேய்மானம் 1,01,571 ஆக இருந்திருக்கும். அந்த ஆண்டு லாபம் 46,524 ரூபாய் கூடியது முறை மாறியதால்தான் என்பதை, கணக்குகளின் குறிப்புகளில் தனியே எழுதிக் காட்ட வேண்டும்.